யார் முதுகில் யார் அடிப்பது

எங்கள் விடுதியில் கோடை வந்தால் ஒரே ஒரு குழாயில்தான் தண்ணீர் வரும். எட்டுக் குளியலறை, நூற்றைம்பது பேர், ஒரு குழாய். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து விலகி, கருவேல மரங்களுக்குள் ஒளிந்து நின்ற கல்லூரி அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். விடுதி முழுவதற்கும் சேர்த்து மூன்று செல்போன்கள் இருந்தன, அதில் ஒன்றுக்கு பட்டன் கிடையாது. நான் அங்கே எம்.எஸ்ஸி. கணிதம் படித்தேன். படித்தேன் என்பதற்குச் சான்றிதழ் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.

அந்தக் குழாயடியில் ஒரு வரிசை உண்டு. முதலில் வந்தவன் முதலில் என்பதெல்லாம் ரேஷன் கடைக்கு. இங்கே வாளியோடு வருகிறவன் நேராக வரிசையின் தலைப்பக்கம் போவான். முதலில் நிற்கிறவனை ஏற இறங்கப் பார்ப்பான். இவனை நம்மால் அடிக்க முடியுமா? முடியும் என்றால் தோளால் ஓர் இடி, அவன் வாளிக்கு முன்னால் தன் வாளியை நங்கென்று வைத்துவிடுவான். முடியாது என்றால் அடுத்தவனிடம் போவான். அவனையும் முடியாது என்றால் அதற்கும் அடுத்தவன். இப்படியே இறங்கி வந்து, தன்னால் அடிக்க முடிகிற முதல் ஆளுக்கு முன்னால் நுழைந்துகொள்வான். யாரையுமே அடிக்க முடியாதவன் கடைசியில் நிற்பான்.

நான் இரண்டு வருடமும் கடைசியில் நின்றேன். என் வாளிக்குப் பின்னால் இன்னொரு வாளி இருந்ததாக நினைவில்லை.

இதைவிடப் பெரிய வரிசை வருடத்துக்கு ஒரு முறை வரும். விடுதி நாள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் துறைகளுக்கு இடையே கபடி நடக்கும். ஆறு அணிகள்: வணிகவியல், இயற்பியல், வேதியியல், தமிழ், விலங்கியல், கணிதம். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் ஒரு முறை மோதும். மொத்தம் பதினைந்து ஆட்டம். சமன் கிடையாது, புள்ளி சமமானால் யாராவது ஜெயிக்கிற வரைக்கும் ஆட வேண்டும். இறுதிப் போட்டி, கோப்பை எதுவும் இல்லை. பரிசு ஒன்றே ஒன்றுதான்: விடுதி நாள் அன்று மதியப் பிரியாணிக்கு மெஸ் வாசலில் நுழைகிற வரிசை.

அந்த நுழைவில் ஒரு வழக்கம். ஓர் அணி உள்ளே போனதும் அதன் கேப்டன் வாசற்படியில் நின்று திரும்புவான். அடுத்த அணியின் கேப்டன் குனிந்து முதுகைக் காட்டுவான். விரித்த கையால் ஓர் அடி. அடி வாங்கியவன் உள்ளே போய், திரும்பி நின்று, தனக்கு அடுத்தவன் முதுகில் அடிப்பான். களத்தில் தன்னை ஜெயித்தவன் கையால் வாங்குகிற அடியை யாரும் அவமானமாக நினைத்ததில்லை, சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். ஆனால் தான் ஜெயித்தவனிடம் முதுகைக் காட்டு என்றால் அது வேறு கதை.

அந்த வேறு கதை நான் முதல் வருடம் படித்தபோது நடந்தது. அப்போதைய விடுதிச் செயலாளர் அணியே இல்லாத பொருளாதாரத் துறைக்காரர், நேர்மையானவர். யார் அதிக ஆட்டம் ஜெயித்தார்களோ அவர்கள் முன்னால் என்று பட்டியல் போட்டார். வணிகவியல் நான்கு ஆட்டம் ஜெயித்திருந்தது, முதல் இடம். வேதியியல் மூன்று ஆட்டம், இரண்டாம் இடம். நியாயம்தானே. ஆனால் வணிகவியல் தோற்ற அந்த ஒரே ஆட்டம் வேதியியலிடம். வேதியியல் கேப்டன் வாசலில் குனிய மறுத்தான். வணிகவியல்காரன் குனியாத முதுகில் அடித்தான். அவ்வளவுதான். வேதியியல்காரன் கையில் எப்படியோ சாம்பார்க் கரண்டி வந்தது. ஒரு மண்டையில் ஏழு தையல், இன்னொரு மண்டையில் நான்கு. பதினாறு டியூப் லைட்டுகள். பெஞ்சுகள் காலில்லாமல் கிடந்தன. ஒருவன் காதோரத்தைக் கடித்துவிட்டார்கள். கடித்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை, கடிபட்டவனுக்கே தெரியவில்லை. நான் அந்தப் போரில் பாயசப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேசைக்கு அடியில் வீரமாக உட்கார்ந்திருந்தேன். காலிப் பாத்திரம் என்று நினைத்துக் கவிழ்த்தேன். இல்லை.

மறுவருடம் செயலாளராக ஆள் தேடினார்கள். எனக்கு எதிரிகளே இல்லை என்று சொல்லி என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிரி என்று மதிக்கிற அளவுக்கு யாரும் என்னைக் கவனித்ததில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் வார்டன் கணிதத் துறைப் பேராசிரியர். இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு கிராஃப் தியரி எடுத்தவரும் அவரே. என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"எழுதுப்பா. விடுதி நாளில் சண்டை நடந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது. டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சம்மதிக்கிறேன்."

"சார், சண்டை போடறது அவங்க. டி.சி. எனக்கா?"

"அவங்களுக்குக் கொடுத்தா காலேஜ் காலியாயிரும். நீ ஒருத்தன்தானே."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தார். நான் வாத்தியார் ஆவேன் என்று யூனிட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். டி.சி.யோடு போய் இறங்கினால் பக்கத்துப் பலகையில் என்னையும் உட்காரவைத்து, கையில் ஒரு கட்டுத் திரி கொடுப்பார். திட்டக்கூட மாட்டார். அதுதான் பயம்.

கபடி தொடங்கியது. முதல் நாளே இயற்பியல்காரன் ஒருவனுக்கு மூக்குத்தண்டு உடைந்தது. வேதியியல் கேப்டனுக்கு நெற்றி பிளந்தது; கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்தான், அந்தக் கட்டாலேயே முட்டி இன்னொருவனின் உதட்டைக் கிழித்தான். மைதானம் கரிசல், வெயிலில் ஓடுபோல வெடித்துக் கிடக்கும். விழுந்தவன் எழுந்தால் முழங்காலில் தோல் இருக்காது. எங்கள் கணித அணி ஐந்து ஆட்டத்திலும் தோற்றது. கடைசி ஆட்டத்தில் எங்கள் கேப்டனை விலங்கியல் கேப்டன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போட்டதில் கழுத்தெலும்பு உடைந்துவிட்டது. மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி இருப்பான் அந்த விலங்கியல் கேப்டன். ஏழாயிரம்பண்ணைக்காரன். என் அறைத்தோழன் வேறு. எங்கள் ஆளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து என்னிடம் வருத்தம் தெரிவித்தான்.

"மாப்ள, நான் மெதுவாத்தாம்லே போட்டேன். அவந்தான் வேகமா விழுந்துட்டான்."

கேப்டன் போனதால் விதிப்படி செயலாளராகிய நானே கணித அணிக்குக் கேப்டன் ஆனேன். கபடி முடிந்தபிறகு.

பதினைந்து ஆட்டங்களின் முடிவையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். வணிகவியல் இயற்பியலையும் தமிழையும் ஜெயித்திருந்தது. இயற்பியல் வேதியியலையும் தமிழையும். வேதியியல் வணிகவியலையும் விலங்கியலையும். தமிழ் வேதியியலையும் விலங்கியலையும். விலங்கியல் இயற்பியலையும் வணிகவியலையும். இந்த ஐந்து பேரும் தனித்தனியாக எங்களை. ஆக ஐந்து அணிகளும் சரியாக மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தன. போன வருடத்துச் செயலாளருக்குத் தப்பான பட்டியலாவது கிடைத்தது. எனக்குப் பட்டியலே இல்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் இன்டர்னல் டெஸ்ட். கேள்வித்தாளைப் பார்த்ததும் என் நோட்டை யாரோ திருடி அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சில புள்ளிகள். எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் நடுவே ஒரு கோடு, அந்தக் கோட்டில் ஒரு பக்கமாக ஓர் அம்புக்குறி. இதற்குப் பெயரே டோர்னமென்ட். அம்பு போகிற திசையிலேயே போய், எல்லாப் புள்ளிகளையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டுவிடுகிற ஒரு பாதை எந்த டோர்னமென்டிலும் இருக்கும் என்று நிறுவுக.

புள்ளி என்பது அணி. அம்பு ஜெயித்தவனிடமிருந்து தோற்றவனுக்கு. பாதை என்பது, ஒவ்வொருவனும் தனக்கு அடுத்து நிற்பவனை ஜெயித்திருக்கிற வரிசை. எனக்கு வேண்டிய மெஸ் வரிசை அதுவேதான். இருக்கிறது என்று கேள்வித்தாளே சொல்கிறது. எனக்கு டி.சி. கிடையாது. இந்தச் சந்தோஷத்தில் நிரூபணத்தைக் கடகடவென்று எழுதினேன்: யாரையாவது முதலில் நிறுத்து. அவன் ஜெயித்த ஒருவனைப் பின்னால் நிறுத்து. அவன் ஜெயித்த இன்னொருவனை அவனுக்குப் பின்னால். எல்லோரும் எல்லோரோடும் ஆடியிருப்பதால் ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நிறுவப்பட்டது.

பேராசிரியர் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பத்துக்குப் பூஜ்யம். கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'உங்க டீமை ரெண்டாவதா நிறுத்திட்டா மூணாவதா யாரை நிறுத்துவ?'

யாரையும் நிறுத்த முடியாதுதான். நாங்கள் யாரையும் ஜெயிக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒருவன் வந்து நிற்கவே முடியாது. என் நிரூபணம் எங்கள் அணி வாசலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

மறுநாள் காலை வழக்கம்போல் குழாயடியில் கடைசியில் நின்றேன். என் அறைத்தோழன் வாளியோடு வந்தான். முதலில் நின்ற வேதியியல்காரனைப் பார்த்தான், விட்டுவிட்டான். இரண்டாவது ஆளைப் பார்த்தான், விட்டுவிட்டான். மூன்றாவது ஆளின் விலாவில் ஓர் இடி. வாளி உள்ளே போனது. இடிபட்டவன் நகர்ந்து நின்றான். வேறு யாரும் அசையவில்லை.

எனக்குக் கையிலிருந்த பல்துலக்கி கீழே விழுந்தது. என் தோழனுக்கு முன்னால் நிற்பவன் அவனை அடிக்கக்கூடியவன். அதனால்தானே அவனைத் தாண்டி வந்தான். பின்னால் நிற்பவன் இவனால் அடிக்கக்கூடியவன்; அதனால்தானே அங்கே நின்றான். மற்றவர்களுக்கு முன்னும் பின்னும் யார் நின்றார்களோ அவர்களேதான் இப்போதும் நிற்கிறார்கள். ஒற்றை ஆள் நிற்கிற வரிசையில் தகராறே இல்லை. தகராறில்லாத வரிசைக்குள் புதிதாக ஒருவன் இப்படி நுழைந்தால் அது தகராறில்லாமலேயே நீள்கிறது. முதல் ஆளையே ஜெயித்தவனா, தலையில் நிற்கட்டும். ஒருவரையும் ஜெயிக்காதவனா, வாலில் நிற்கட்டும்; வாலில் இருந்தவன் எப்படியும் அவனை அடித்தவன்தான். எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. இரண்டு வருடமாக நிரூபணம் தினமும் காலையில் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் பல் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏலே, ஏன்லே சிரிக்க?" என்றான் தோழன்.

"நீ இடிச்சது தேற்றம் மாப்ள."

"இன்னொரு இடி வேணுமா?"

நோட்டை எடுத்து, வணிகவியலில் தொடங்கி ஒவ்வோர் அணியாக நுழைத்தேன். இயற்பியல் வணிகவியலிடம் தோற்றது, பின்னால். வேதியியல் வணிகவியலை ஜெயித்தது, தலையில். தமிழ் வேதியியலை ஜெயித்தது, அதற்கும் தலையில். விலங்கியல் தமிழிடமும் தோற்று வேதியியலிடமும் தோற்று, வணிகவியலை ஜெயித்தது, நடுவில். நாங்கள் வாலில். தமிழ், வேதியியல், விலங்கியல், வணிகவியல், இயற்பியல், கணிதம். ஒவ்வொருவனும் அடுத்தவனை ஜெயித்தவன். அழகாக எழுதி, கீழே 'நிரூபிக்கப்பட்டது' என்றும் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நிரூபிக்கப்பட்டது என்று போடாமல் விட்டிருக்கலாம்.

பட்டியல் ஒட்டி அரை மணி நேரத்தில், பட்டப்பகலில், என் அறைக் கதவில் ஒரு சரவெடியைக் கட்டிக் கொளுத்தினார்கள். எங்கள் விடுதியில் பட்டாசுக்குப் பஞ்சமே கிடையாது. பாதிப் பேர் வீட்டில் மூலைக்கு மூலை கிடக்கும். நான் கட்டிலுக்கு அடியில் கிடந்து எண்ணினேன். அப்பா பின்னிய சரம் இல்லை என்று மட்டும் தெரிந்தது. அப்பாவுடையது இன்னும் கொஞ்சம் சீராக வெடிக்கும். புகை அடங்கியதும் வணிகவியல் கேப்டன் உள்ளே வந்தான். திருத்தங்கலில் அச்சகம் வைத்திருக்கிற குடும்பம். என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாத்தினான். கால் தரையில் படவில்லை.

"தமிழ்க்காரன் மொதல்லயா? அவன நாங்க மண்ணக் கவ்வ வச்சம்லே."

"அண்ணே, அடுத்து நிக்கிறவனை மட்டும்தான் பாக்கணும். உங்களுக்கு முன்னால விலங்கியல். அவங்ககிட்ட தோத்தீக. பின்னால இயற்பியல். அவங்கள ஜெயிச்சீக. யார் முதுகிலயும் தப்பான அடி விழாது."

"அம்புட்டுத்தானா உன் கணக்கு? இதப் பாரு." இன்னொரு கையால் ஒரு தாளை என் மூக்கில் அழுத்தினான். வணிகவியல், தமிழ், வேதியியல், விலங்கியல், இயற்பியல், கணிதம். "இதுல யாரு முதுகுலலே தப்பான அடி?"

சுவரில் தொங்கிக்கொண்டே சரிபார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.

"எப்படிண்ணே போட்டீக?"

"அச்சாபீஸ்ல லேபிள் அடுக்குற பிள்ளைக நாங்க. மாத்தி மாத்தி அடுக்கிப் பாத்தோம்."

மாலைக்குள் பலகையில் ஐந்து பட்டியல்கள் இருந்தன. ஐந்திலும் முதலிடம் வேறு வேறு. ஐந்தும் சரி. ஐந்திலும் கடைசி மட்டும் நாங்கள். பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்; மொத்தம் பதினைந்து வரிசைகள் சரியாக வருகின்றன, ஒவ்வோர் அணிக்கும் மூன்று முறை தலைமை உண்டு. அன்று எண்ண நேரமில்லை. பலகைக்கு முன்னாலேயே இயற்பியலுக்கும் தமிழுக்கும் கைகலப்பாகி, பலகையின் கண்ணாடி உடைந்து, ஒருவன் உள்ளங்கை கிழிந்து படிக்கட்டெல்லாம் ரத்தம் சொட்டிக்கிடந்தது. தமிழ் கேப்டன் நெடுநெடுவென்று இருப்பான். செருப்புக் காலோடு ஓடி வந்து இயற்பியல் கேப்டன் நெஞ்சில் மிதித்தான். விலக்கப்போன எனக்கு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று விழுந்தது. அதில் ஒன்று பாராட்டு என்று பிறகு சொன்னார்கள்.

வார்டன் கூப்பிட்டார். மேசை மேல் டி.சி. புத்தகம் திறந்திருந்தது. என் பெயர், பிறந்த தேதி, எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"சார், தேற்றம் வரிசை இருக்குன்னு சொல்லுது சார்."

"இருக்குன்னுதான் சொல்லுது. ஒண்ணே ஒண்ணு இருக்குன்னு எங்கப்பா சொல்லுது?" பேனாவை மூடி புத்தகத்தின் மேல் வைத்தார். "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி. அதுக்குள்ள ஆறு டீமும் உள்ள போய் எலையில உக்காந்திருக்கணும். ஒரு கரண்டி பறந்தாலும் கையெழுத்துப் போடுவேன்."

அறைக்கு வந்து படுத்தேன். கதவு கரியாக இருந்தது. என் தோழன் தன் காதுக்குள் போன பட்டாசுத் தூளைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்கு மாப்ள லிஸ்ட் போட்ட? குழாயடில எவனாச்சும் லிஸ்ட் போடுதானா?"

எனக்கு மறுபடி பல்துலக்கி விழுந்ததுபோல் இருந்தது. குழாயடியில் வருடம் முழுக்க அடிதடி உண்டு, ஆனால் வரிசை யார் போட்டது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ஏனென்றால் யாரும் போடுவதில்லை. அவனவன் வருகிறான், அவனவன் நுழைகிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகையை உடைந்த கண்ணாடியோடு துடைத்துவிட்டு ஒரே அறிவிப்பு எழுதினேன். பட்டியல் கிடையாது. மெஸ் வாசலில் செயலாளர் நிற்பார். வருகிற அணி தலையிலிருந்து பார்த்து வரட்டும். களத்தில் தான் ஜெயித்த முதல் அணிக்கு முன்னால் நிற்கட்டும். குழாயடி விதி.

பன்னிரண்டரைக்கு நான் மெஸ் வாசலில் நின்றேன். அடிபட்ட மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் கணித அணியின் தலையும் வாலும் நானே. உள்ளே பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். ஒருவனையும் காணோம். ஒரு மணி ஆனது. ஒன்றே கால். கருவேல மரங்களுக்கு அடியில் ஐந்து கும்பல்கள் உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. பிந்தி வருகிறவன் முந்தியவனைத் தள்ளிவிட்டுத் தலையில் நிற்கலாம் என்று ஐந்து கேப்டன்களுக்கும் ஒரே நேரத்தில் புத்தி வேலை செய்திருக்கிறது. எல்லோரும் கடைசியாக வரக் காத்திருந்தார்கள். வார்டன் மெஸ் உள்ளே நாற்காலி போட்டு, மடியில் டி.சி. புத்தகத்தோடு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆட்டுக்கறி வாசமும் திரி மருந்து வாசமும் மாறி மாறி அடித்தது.

ஒன்றரைக்கு வேதியியல் உடைந்தது. நெற்றிக் கட்டோடு அவர்கள் கேப்டன் வந்தான். "மொத எடமும் வேணாம் மயிரும் வேணாம், பசிக்கி." என்னை ஜெயித்தவர்கள், எனக்கு முன்னால் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் என் தோழன் விலங்கியலோடு ஓடிவந்தான். வேதியியலைப் பார்த்தான், தோற்றது ஞாபகம் வந்தது, விட்டான். என்னைப் பார்த்தான், சிரித்தான், எனக்கு முன்னால் நின்றான். அடுத்து இயற்பியல். அவர்கள் வேதியியலை ஜெயித்தவர்கள். கட்டுப்போட்ட நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பின்னால் தள்ளிவிட்டுத் தலையில் நின்றார்கள். கட்டில் ரத்தம் கசிந்தது. வேதியியல் கேப்டன் பல்லைக் கடித்தான், ஆனால் கை ஓங்கவில்லை. தோற்றது தோற்றதுதான். ஒன்று நாற்பத்தைந்துக்கு வணிகவியல். இயற்பியலை ஜெயித்தவர்கள். இன்னொரு இடி. வணிகவியல் தலையில்.

தமிழ் மட்டும் மரத்தடியில் இருந்தது. ஒன்று ஐம்பத்தைந்துக்கு அவர்கள் கேப்டன் எழுந்து, வேட்டியைத் தட்டி, தோளில் துண்டு போட்டு, முதலிடத்துக்கு மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். தலைக்குப் போனான். வணிகவியல் கேப்டன் மார்பில் கை கட்டி நின்றான். இவனிடம் தோற்றாயிற்று. இரண்டாவது இயற்பியல், இவனிடமும் தோற்றாயிற்று. மூன்றாவது வேதியியல். ஜெயித்தவன். தமிழ் அணி வேதியியலுக்கு முன்னால், இயற்பியலுக்குப் பின்னால், மூன்றாவதாக நுழைய வேண்டியதாயிற்று. முந்தாநாள் செருப்புக் காலால் மிதித்த அதே நெஞ்சுக்காரனுக்கு நேர் பின்னால்.

துண்டு கீழே விழுந்தது. அவன் அணியில் ஒருவன் விறகுக் கட்டை ஒன்றை எடுத்தான். இயற்பியல்காரர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். உள்ளே வார்டன் பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது, ஆனால் கேட்டது. கடைசியிலிருந்து ஓடிப்போய் நடுவில் நின்றேன். என் வாழ்க்கையில் நான் சண்டையை நோக்கி ஓடியது அது ஒரு முறைதான்.

"கடைசில வந்தா மொத எடம்னு சொன்னாகளேலே," என்றான் தமிழ் கேப்டன்.

"நான் சொல்லலண்ணே. முன்னால நிக்கிறவுக உங்கள ஜெயிச்சாகளா?"

யோசித்தான். "ஜெயிச்சாக."

"பின்னால நிக்கிறவுகள நீங்க ஜெயிச்சீகளா?"

"ஜெயிச்சோம்."

"அப்ப யாரை அடிக்கப் போறீக?"

முன்னால் பார்த்தான். பின்னால் பார்த்தான். நியாயமாக அடிக்கத் தக்க ஆள் யாரும் அகப்படவில்லை. ஓங்கிய கை மட்டும் அந்தரத்தில் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. என் கன்னத்தில் இறக்கிவிட்டான். காதுக்குள் மில் சங்கு ஊதியது. நான் திருப்பி அடிக்கவில்லை. அடிக்கத் தெரியாது. விறகுக் கட்டை தானாகக் கீழே போனது.

வணிகவியல் உள்ளே போனது. அவர்களை அடிக்க ஆளில்லை. அவர்கள் கேப்டன் திரும்பி இயற்பியல் முதுகில் ஒன்று வைத்தான். இயற்பியல் கேப்டன் உள்ளே போய்த் திரும்பி, தமிழின் முதுகில் நெஞ்சு மிதிக்கும் சேர்த்து ஒன்று வைத்தான். துப்பாக்கி மாதிரிச் சத்தம். தமிழ் வாங்கிக்கொண்டு, அதை அப்படியே வேதியியலுக்கு மாற்றியது. வேதியியல் நெற்றியில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு விலங்கியலுக்கு. ஒவ்வோர் அடியும் விழ வேண்டிய முதுகில் விழுந்தது. ஒருவன்கூட முறைக்கவில்லை.

பிறகு வாசலில் நானும் என் அறைத்தோழனும் மட்டும். அவன் படியில் நின்று கையை விரித்தான். முறம் மாதிரி இருந்தது. நான் குனிந்தேன்.

"மெதுவா மாப்ள."

"மெதுவாத்தாம்லே," என்றான்.

அடுத்து எனக்குத் தெரிந்தது மெஸ் கதவு நிலையின் மரம். மிக அருகில் தெரிந்தது. வாய்க்குள் உப்புக் கரித்தது. நாக்கில் ஏதோ சின்னதாக உருண்டது. துப்பிக் கையில் பிடித்தேன். இடது பக்கத்து முன்பல். சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தத்தோடு, இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, உள்ளே போய் வார்டன் முன்னால் நின்றேன். மற்ற ஐந்து அணிகளும் இலையில் உட்கார்ந்திருந்தன.

அவர் என் வாயைப் பார்த்தார். கையிலிருந்த பல்லைப் பார்த்தார். பேனா திறந்தே இருந்தது.

"என்னப்பா இது, சண்டையா?"

"இல்ல சார்," என்றேன், காற்று அந்த ஓட்டை வழியாகப் போக. "வரிசை."

பேனாவை மூடினார். டி.சி. தாளைக் கிழித்து நான்காக மடித்து, பல்லைச் சுற்றி வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே கொடுத்தார். போய்க் கடைசி இலையில் உட்கார்ந்து, வலது பக்கத்தால் மட்டும் மென்று, பிரியாணி சாப்பிட்டேன்.